திருமதிக்குப் பின்னால் என் பேர்

கண்டியில் மாதா கோயிலை ஒட்டிய பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் தலைமை ஆசிரியையாக இருந்தேன். முப்பது வயது தாண்டிவிட்டது, கலியாணம் ஆகவில்லை. அதைப் பற்றி எனக்கிருந்த கவலையைவிட ஊராருக்கு இருந்த கவலை பெரிது. எதிரே வருகிறவர்கள் சுகம் விசாரிக்கிற சாக்கில் அதைத்தான் விசாரிப்பார்கள். நானும் சுகம் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவேன்.

அப்போதெல்லாம் அழைப்பிதழ்களில் ஆண்களுக்கு ஸ்ரீமான், பெண்களுக்கு ஸ்ரீமதி. ஸ்ரீமதி என்று போட்டால் புருஷன் உண்டா இல்லையா என்று எங்கள் பக்கத்தில் யாரும் துருவிக் கேட்பதில்லை. மரியாதைப்பட்ட பெண்பிள்ளை என்பதோடு சரி. பிறகு தனித்தமிழ்க் காற்று இங்கேயும் வீசத் தொடங்கியது. எங்கள் பள்ளிக்கூடத்துப் பண்டிதர் யாழ்ப்பாணத்துக்காரர், அந்தக் காற்றில் முதலில் சாய்ந்தவர் அவர்தான். பரிசளிப்பு விழா அழைப்பிதழை எழுதும் வேலை அவருடையது. அந்த வருஷம் ஸ்ரீமான்களையெல்லாம் திருவாளர் ஆக்கினார், ஸ்ரீமதிகளைத் திருமதி ஆக்கினார். பரிசு வாங்கும் பிள்ளைகளுக்குச் செல்வி. எல்லாம் ஒழுங்காக முடிந்து, கடைசியில் அழைக்கிறவர் பேர் எழுதும் இடத்துக்கு வந்ததும் பேனாவை வைத்துவிட்டார்.

"அம்மா, முறைப்படி உங்களுக்கும் செல்வி எண்டுதான் போடவேணும். ஆனால் பரிசு வாங்குற பிள்ளையளோட நீங்களும் வரிசையில நிக்கிற மாதிரி இருக்குமே. போன வருசம் ஸ்ரீமதி எண்டுதானே போட்டனாங்கள்?"

"அப்படியென்றால் இந்த வருஷம் திருமதி என்று போடுங்கள்" என்றேன்.

"ஓம், அதுதான் வடிவு" என்று எழுதிவிட்டார். அவ்வளவுதான் நடந்தது.

அழைப்பிதழ் அச்சாகி ஊரெல்லாம் போனது. அதைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுகிறவர்களும் உறையின் மேல் திருமதி என்றே எழுதத் தொடங்கினார்கள். எனக்கு அது பிடித்திருந்தது, ஒளிப்பானேன். பிள்ளைகளைப் பெற்றவர்கள் கதிரை கொடுத்தால்தான் உட்கார்ந்தார்கள். முன்னெல்லாம் அவர்களாகவே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, எனக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்குவார்கள்.

அதே வருஷம் என் அண்ணன் ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கர். முதல் மனைவி காய்ச்சலில் போய்விட்டாள், பிள்ளைகள் இல்லை. பெண் பார்க்க வந்தவர் எனக்குச் சமைக்கத் தெரியுமா என்று கேட்கவில்லை. எந்த வகுப்புக்குப் பாடம் எடுக்கப் பிடிக்கும் என்று கேட்டார். என்னிடம் அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. இரண்டாம் வகுப்பு என்றேன். அவர் சிரித்தார். அந்த மனிதரைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று அன்றைக்கே எனக்கு ஆசை வந்துவிட்டது.

எங்கள் கத்தோலிக்க வேதத்தில் கலியாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று. முதல் ஓலை வாசித்தாயிற்று. அடுத்த ஞாயிறு வருவதற்குள் மாப்பிள்ளையின் அக்கா பஸ் பிடித்து அண்ணன் வீட்டுக்கு வந்து நின்றார். கையில் எங்கள் பரிசளிப்பு அழைப்பிதழ். அவர்கள் தோட்டத்துப் பிள்ளை ஒன்று எங்களிடம் படித்ததால் அது அங்கே போயிருந்தது.

"டீச்சரம்மா திருமதின்னு அச்சுப் போட்டிருக்காங்க. முந்தி யாரைக் கட்டியிருந்தாங்க? எங்ககிட்ட ஏன் சொல்லலை?"

உள்ளே இருந்த நான்தான் வந்து, பண்டிதர் சொன்னதையும் நான் சொன்னதையும் விவரமாகச் சொன்னேன்.

"கட்டாத பொம்பளை யாராச்சும் திருமதின்னு போட்டுக்குவாங்களா?" என்றார் அக்கா. அங்கிருந்து நேரே பங்குச் சாமியாரிடம் போனார்.

சாமியார் இரண்டாம் ஓலையை நிறுத்தினார். அவரைக் குறை சொல்ல முடியாது. தடை என்று ஒருவர் வந்து சொன்னால் விசாரிக்கத்தானே வேண்டும். எனக்கு ஞானஸ்நானம் கொடுத்த பங்குக்கு எழுதிக் கேட்டு, இந்தப் பெண் கலியாணம் ஆகாதவள்தான் என்று பதிலும் வாங்கினார். அவருக்குத் திருப்தி. அக்காவுக்குத் திருப்தியில்லை. சாமியாரின் பதில் சாமியாரோடு இருக்கும், தோட்டத்தில் வீட்டுக்கு வீடு பார்த்தது அந்த அழைப்பிதழைத்தானே என்றார். அதிலும் நியாயம் இருந்தது, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கடைசியில் ஒன்று கேட்டார். என் கையாலேயே ஒரு சின்னக் கடிதம் எழுதி, அடியில் செல்வி என்று போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும். அதை நாலு பேருக்குக் காட்டிவிட்டால் அவர் வாய் திறக்க மாட்டார்.

"ஒரு சொல்லுதானே தங்கச்சி" என்றார் அண்ணன்.

ஒரு சொல்தான். ஆனால் தன் பேருக்கு முன்னால் தானே மரியாதை போட்டுக் கையெழுத்து வைக்கக்கூடாது என்பது கடிதம் எழுதப் பழக்கும்போது நாங்கள் சொல்லும் முதல் பாடம். அடுத்தவருக்குத் திருவாளர் போடு, உனக்கு வெறும் பேர் போதும். அழைப்பிதழில் பள்ளிக்கூடம் போட்டது வேறு, கையெழுத்தில் நானே போடுவது வேறு. எந்தப் பிள்ளையாவது செல்வி என்று தனக்குத் தானே போட்டுக்கொண்டால் சிவப்பு மையால் அடித்துத் திருப்பிக் கொடுப்பேன். இப்போது நானே போட வேண்டும், அதுவும் நான் யாரையும் கட்டவில்லை என்பதற்கு அத்தாட்சியாக. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கலியாணமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. இரண்டாம் வகுப்பு என்றதும் அவர் சிரித்த சிரிப்பு நினைவுக்கு வந்தது. மாப்பிள்ளைக்கே எழுதினேன்.

திருவாளர் இன்னார் அவர்களுக்கு, வருகிற ஞாயிறு இரண்டாம் ஓலை வாசிக்க உங்களுக்குச் சம்மதம் என்று அறிகிறேன், எனக்கும் சம்மதம். இப்படிக்கு, செல்வி, பிறகு என் பேர். அந்தச் சொல்லை எழுதும்போது எனக்குக் கூச்சமாக இருந்தது.

மிச்சம் இரண்டு ஓலையும் வாசித்தார்கள். கலியாணம் நடந்தது. அவர் கண்டியிலேயே ஒரு தேயிலைக் கடையில் கணக்கெழுத வந்துவிட்டார், நான் பள்ளிக்கூடத்தை விடவில்லை. அக்கா வரும்போதெல்லாம் பலாக்காய் கொண்டுவருவார். பழைய கதையை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

அடுத்த பரிசளிப்பு விழா வந்தது. இந்தத் தடவை பண்டிதர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது, முறை தெரிந்தவர். அச்சாகி வந்த அழைப்பிதழை ஒரு கட்டாகக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அழைக்கிறவர் இடத்தில் திருமதி என்று இருந்தது, அதற்குப் பின்னால் என் வீட்டுக்காரர் பேர் இருந்தது. அதன் கீழே, தலைமை ஆசிரியை.

"என் பேர் எங்கே பண்டிதரே?"

"இதுதானே அம்மா உங்கட பேர் இப்ப" என்றார். மனுஷன் மரியாதையாகத்தான் சொன்னார்.

சாயங்காலம் வீட்டுக்கு ஒன்று கொண்டுபோனேன். அவர் விளக்கடியில் பிடித்து வாசித்துவிட்டு, "என் பேரெல்லாம் அச்சில வந்திருச்சே" என்று சந்தோஷப்பட்டார்.

"ஆமாம், நாளையிலிருந்து இரண்டாம் வகுப்புக்கு நீங்களே போங்கள்" என்றேன்.

அவர் சிரித்தார், அதே சிரிப்புத்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திருமதிக்குப் பின்னால் என் பேர் இருந்தது அந்த ஒரு வருஷம்தான், அது தப்பு என்று எல்லோரும் சொன்ன வருஷம்.