காரணத்துக்கு எட்டுப் புள்ளி

எண்பதுகளின் நடுப்பகுதியில், இலங்கை மலையகத்து ஹட்டனில் ஒரு கம்பியூட்டர் வகுப்பு நடந்தது. புடவைக் கடைக்கு மேல்மாடியில் ஓர் அறை, ஒரு மெஷின், பதினான்கு பேர். சனியும் ஞாயிறும் மட்டும் வகுப்பு. மெஷினில் உட்கார ஒருவருக்கு வாரத்தில் இருபது நிமிடம் கிடைத்தால் பெரிய விஷயம். மிச்ச நேரமெல்லாம் காகிதமும் பென்சிலும்தான். புரோகிராம் எழுதப் படித்தோம் என்று சொல்லிக்கொள்கிறோமே தவிர, புரோகிராம் எப்படி ஓடும் என்று கற்பனை செய்யத்தான் படித்தோம்.

நான் றொசல்லைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ரயிலில் வருவேன். பள்ளிக்கூடப் பரீட்சை பாஸான பிறகு வேலை கிடைக்காமல் இரண்டு வருஷம் கொழுந்து பறித்தவள். வகுப்பில் சேர்ந்தபோது வீட்டில் ஒரே ஒரு நிபந்தனை: கடைசிப் பரீட்சையில் முதலாவதாக வந்து, முதல் ஆளுக்குத் தருவதாக வகுப்பு நடத்தும் சார் சொல்லியிருந்த உதவி ஆசிரியர் வேலை கிடைத்தால் சரி, இல்லாவிட்டால் மறுபடி பெரட்டுக் களத்துக்குப் போய்ப் பெயர் கொடுக்க வேண்டும். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் அந்தக் களத்தில் இரண்டு வருஷம் ஈரத்தில் நின்ற எனக்கு, மறுபடி அங்கே நிற்க மனமில்லை.

சாருக்குப் பிடித்த கேள்வி ஒன்று உண்டு. இரண்டு முறைகளைக் கொடுப்பார். எது குறைந்த நேரத்தில் முடியும், ஏன் என்று கேட்பார். பத்துப் புள்ளியில் விடைக்கு இரண்டு, காரணத்துக்கு எட்டு.

முதல் தடவை அந்தக் கேள்வி வந்தபோது நான் பட்ட அவமானம் இன்னும் நினைவிருக்கிறது. எட்டு அட்டைகளில் எட்டு இலக்கங்கள். முதல் முறை: இருப்பதில் சிறியதைத் தேடி எடுத்து வைப்பது, மறுபடி சிறியதைத் தேடுவது. இரண்டாவது: அட்டைகளை நான்கு நான்காகப் பிரித்து, ஒவ்வொரு பாதியையும் முதல் முறைப்படியே அடுக்கி, பிறகு இரண்டு பாதியின் முன் அட்டைகளையும் ஒப்பிட்டு ஒன்றாகச் சேர்ப்பது. பக்கத்தில் இருந்தவரும் நானும் ஆளுக்கொரு முறையாகச் செய்து பார்த்தோம். முதல் முறை எனக்கு. அவர் பாதியில் இருக்கும்போதே நான் முடித்துவிட்டேன். "முதல் முறையே விரைவு. காரணம்: செய்து பார்த்தோம்" என்று எழுதினேன். சார் வாசித்துவிட்டுச் சிரித்தார்.

"கொழுந்து பறிச்ச கை இல்லீங்களா? உங்க கை வேகத்த நான் கேக்கல. எத்தன தடவ ஒப்பிட்டீங்கன்னு கேட்டேன்."

எண்ணிப் பார்த்தேன். என் முறைக்கு ஏழும் ஆறும் ஐந்துமாகக் கூட்டி இருபத்தெட்டு. மற்றதற்குப் பாதிக்கு ஆறு, இன்னொரு பாதிக்கு ஆறு, சேர்ப்பதற்குக் கூடிப்போனால் ஏழு, ஆகப் பத்தொன்பது. பத்துக்குப் பூச்சியம் வாங்கினாலும் விஷயம் அன்று புரிந்துவிட்டது. நேரம் என்பது கடிகாரத்தில் இல்லை, தடவையில் இருக்கிறது. அதற்குப் பிறகு அந்த வகைக் கேள்வியில் நான் புள்ளி இழந்ததே இல்லை.

பக்கத்தில் இருந்தவர் என்றேனே, அவர் வட்டகொடைப் பக்கத் தோட்ட ஆபீசில் செக்ரோல் எழுதுகிறவர். யார் வேலைக்கு வந்தார், யார் வரவில்லை என்று பதிகிற பெயரேடு அது. என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். மெதுவாகப் பேசுவார், மெதுவாக எழுதுவார், அட்டையை அடுக்கச் சொன்னால் தூக்கம் வரும். ஆனால் புள்ளியில் எனக்கு அடுத்தது எப்போதும் அவர்தான், சில வாரம் எனக்கு முன்னாலும். அந்த வேலை எங்கள் இருவரில் ஒருவருக்குத்தான் என்பது வகுப்புக்கே தெரியும். அவருக்கு ஏற்கெனவே ஓர் ஆபீஸ் நாற்காலி இருக்கிறதே, இந்த வேலை அவருக்கு எதற்கு என்று எனக்கு எரிச்சலாக இருக்கும். பொறாமை என்றே சொல்லலாம்.

கடைசிப் பரீட்சை ஒரு ஞாயிறு காலையில் நடந்தது. கடைசிக் கேள்வி வழக்கமான கேள்விதான். கொழும்பில் சார் படித்தபோது அது டெலிபோன் புத்தகத்தில் பெயர் தேடும் கேள்வியாக இருந்ததாம். எங்களில் எத்தனை பேர் டெலிபோன் புத்தகத்தைக் கண்டோம்? நமக்கு விளங்க வேண்டுமே என்று அவரே மாற்றியிருந்தார். ஒரு தோட்டத்துச் செக்ரோலில் ஆயிரம் பெயர்கள். ஒரு பெயரைத் தேட வேண்டும். முறை அ: மேலிருந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பது. முறை ஆ: நடுப் பெயரைப் பார்த்து, தேடும் பெயர் அதற்கு முன்னா பின்னா என்று தீர்மானித்து, வேண்டாத பாதியைத் தள்ளி, மிச்சத்தில் மறுபடி நடுவைப் பார்ப்பது. எது விரைவு? காரணம் தருக.

நான் யோசிக்கவே இல்லை. ஆ. ஆயிரத்தைப் பாதி பாதியாக வெட்டினால் கூடியது பத்துத் தடவையில் முடிந்துவிடும், அ முறையில் ஆயிரம் தடவைகூட ஆகலாம். அழகாக எழுதி அடிக்கோடும் போட்டேன்.

விடைத்தாளைப் பக்கத்தில் இருப்பவரோடு மாற்றித் திருத்துவது எங்கள் வகுப்பு வழக்கம். சாருக்கு நேரமில்லை, எங்களுக்கும் அன்றே புள்ளி தெரிய வேண்டும். அவர் தாள் என்னிடம், என் தாள் அவரிடம். சார் கரும்பலகையில் விடைகளை எழுதிக்கொண்டே வந்தார். கடைசிக் கேள்விக்கு 'ஆ' என்று எழுதினார்.

என் கையிலிருந்த தாளில் 'அ' என்று இருந்தது.

எனக்குள் ஏதோ துள்ளியது. பத்துப் புள்ளி போச்சு இவருக்கு என்று நினைத்தேன். அந்த நேரம் அவர் கையைத் தூக்கினார்.

"சார், விடை வேற மாதிரி இருந்தா, காரணத்தையும் பாக்கலாங்களா?"

"விடையே பிழைன்னா காரணம் எப்படிங்க சரியா வரும்? வாசிக்கத் தேவல, கோடு போட்டுட்டுப் போங்க," என்றார் சார். அவர் பன்னிரண்டு மணிக்கு ஒரு கல்யாண வீட்டுக்குப் போக வேண்டும்.

நான் வாசித்தேன். இவ்வளவு கெட்டிக்காரர் எங்கே சறுக்கினார் என்று பார்க்கும் ஆசை. மெதுவான சின்ன எழுத்தில் எழுதியிருந்தார்.

செக்ரோலில் பெயர்கள் அகர வரிசையில் இருப்பதில்லை. ஆட்கள் குடியிருக்கும் லயம் லயமாக, அதில் காம்பரா என்னும் அறை அறையாக இருக்கும். நடுப் பெயரைப் பார்த்துப் பாதியைத் தள்ளினால், தேடும் பெயர் தள்ளிய பாதியிலேயே இருக்கலாம். ஆகவே இந்தப் பட்டியலில் முறை ஆ பெயரைக் கண்டுபிடிக்கும் என்று சொல்ல முடியாது. முதலில் அகர வரிசைப்படுத்தலாம். சிறியதைத் தேடி எடுக்கும் முறையில் ஆயிரம் பெயருக்கு நாலு இலட்சத்துத் தொண்ணூற்றொன்பதாயிரத்து ஐந்நூறு ஒப்பீடு வேண்டும். ஒரே ஒரு பெயருக்காக அதைச் செய்வது வீண். அ முறையில் ஒவ்வொரு தடவையும் ஆயிரம் பார்க்க நேர்ந்தாலும், ஐந்நூற்றைந்து தடவையாவது தேட வேண்டியிருந்தால்தான் வரிசைப்படுத்திவிட்டு ஆ முறையில் தேடுவது இலாபம். கேள்வியில் ஒரு பெயர் என்றே இருப்பதால், அ.

இரண்டாம் தடவையும் வாசித்தேன். பெரட்டுக் களத்தில் இரண்டு வருஷம் பெயர் கூப்பிடக் கேட்டவள் நான். எனக்கு முன்னால் யார் பெயர், பின்னால் யார் பெயர் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். எங்கள் லயத்து ஆட்கள்தான் முன்னும் பின்னும், எழுத்து வரிசையாவது ஒன்றாவது. கொழும்புக் கேள்வியைத் தோட்டத்துக்குக் கொண்டுவரும்போது சார் அந்த வரிசையை விட்டுவிட்டார். டெலிபோன் புத்தகத்தில் அது தானாகவே இருந்தது, செக்ரோலில் இல்லை. பதினான்கு பேரில் இவர் ஒருவர்தான் கேள்வியை வாசித்திருக்கிறார். மற்றவர்கள் பாடத்தை ஒப்புவித்திருக்கிறோம்.

கையைத் தூக்கி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அவருக்குப் பத்து கூடும், அநேகமாக எனக்குப் பத்துக் குறையும். சார் நியாயமான மனுஷர், கேட்டிருப்பார். அதுதான் பயம்.

கோடு போட்டேன். பூச்சியம்.

எனக்கு எண்பத்திரண்டு, அவருக்கு எழுபத்தாறு. சார் என் பெயரைச் சொல்லி எல்லோரையும் கைதட்டச் சொன்னார். அவரும் தட்டினார்.

ஸ்டேஷனுக்கு இறங்கும் பாதையில் அவர் என்னோடு நடந்து வந்தார். எனக்குக் கீழே போகும் ரயில், அவருக்கு மேலே போகும் ரயில். திருத்திய தாளைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தார்.

"கடைசிக் கேள்வியில நான் எழுதின காரணத்த வாசிச்சீங்களா?"

"விடை பிழைன்னா வாசிக்க வேணாம்னு சார் சொன்னாருங்களே," என்றேன்.

"ஆமா, சொன்னாரு." சுருட்டிய தாளை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "வாசிச்சிருந்தா என்ன நினைச்சிருப்பீங்கன்னு தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன். சார்கிட்ட போய் நிக்க எனக்கு ஏலாது. கைதட்டி முடிஞ்சிருச்சு."

என் ரயில் முதலில் வந்தது. ஏறி உட்கார்ந்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மறைப்பதற்கில்லை. வீட்டில் அன்று கோழி அடித்தார்கள்.

உதவி ஆசிரியராக என் முதல் வேலை, அடுத்த வகுப்புக்குக் கேள்வித்தாள் தயாரிப்பது. பழைய தாள்களைப் பார்த்து ஸ்டென்சில் வெட்டினேன். அந்தக் கேள்விக்கு வந்தபோது கை நின்றுவிட்டது. பிழை என்று தெரிந்துகொண்டே ஒரு கேள்வியை எப்படி அச்சடிப்பது? ஒரு வாக்கியம் சேர்த்தேன். பெயர்கள் அகர வரிசையில் எழுதப்பட்டுள்ளன எனக் கொள்க. சார் பார்த்துவிட்டு, "நல்லது, இது இருக்கத்தான் வேணும்," என்றார். ஏன் சேர்த்தேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மை காயாத தாள்களை மேசையில் பரப்பியிருந்த ஒரு சனிக்கிழமை, அந்தச் செக்ரோல் எழுதுகிறவர் வந்தார். தன் தங்கையை வகுப்பில் சேர்க்கக் கூட்டி வந்திருந்தார். நான் விண்ணப்பத்தை எடுத்துக் கொடுத்தேன். தங்கை ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதத் தொடங்கினாள். அவர் நின்றபடியே ஒரு கேள்வித்தாளை எடுத்து வாசித்தார், தன் வழக்கப்படி மெதுவாக. கடைசிக் கேள்வியில் அவர் கண் நீண்ட நேரம் நின்றது.

"இந்த வாக்கியம் சார் போட்டதுங்களா?"

"இல்லீங்க, நான் போட்டேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று விளங்கியது. அவர் தாளை இருந்த இடத்திலேயே நேராக வைத்தார். கோபத்தையாவது காட்டியிருக்கலாம் அந்த மனுஷர். முகத்தில் ஒன்றும் இல்லை.

"அப்ப வாசிச்சிருக்கீங்க," என்றார்.

வெட்கத்தில் காது கொதித்தது. தங்கை எழுதி முடித்து விண்ணப்பத்தை நீட்டினாள். அவர் வாங்கி, பாதுகாவலர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டு என்னிடம் தந்தார்.

"விடைத்தாள இப்பயும் மாத்தித்தான் திருத்துறீங்களா?"

"ஆமாங்க."

"இவளோடத மட்டும் சார் கையால திருத்தச் சொல்லுங்க."

சரி என்றேன்.