பச்சைத் தாள்

எங்கள் ஆஸ்பத்திரியின் அச்சுப் பிரிவில் அவளைக் ‘கமா அக்கா’ என்றுதான் கூப்பிடுவோம். ஒரு கமா இடம் மாறினால் அவளுக்குச் சோறு இறங்காது. மருந்தோடு கொடுக்கும் விளக்கத் தாள்களை எழுதுவது அவள் வேலை. வடிவமைத்து அச்சுக்கு அனுப்புவது என் வேலை. அவள் வீட்டுக்காரர் படுத்த படுக்கை. அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது.

புதிதாக வந்த மேனேஜர் ஒரு சாஃப்ட்வேர் கொண்டுவந்தார். எழுத்தைப் போட்டால் சொல்லுக்குச் சொல் நிறம் காட்டும். அக்காவின் தாளைப் போட்டார். நடவு முடிந்த வயல் மாதிரி ஒரே பச்சை.

“இது மெஷின் எழுதினது. இன்னொரு தாள் இப்படி வந்துச்சுன்னா வேற இடம் பாத்துக்கோங்கம்மா.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் போனதும் திரையின் அடியில் இருந்த விளக்கத்தைப் படித்தேன். முன்னால் உள்ள சொற்களை வைத்து, அடுத்து எது வரும் என்று ஒரு கணினி மாடல் ஊகிக்கிறது. வந்த சொல் அதன் முதல் பத்து ஊகங்களுக்குள் இருந்தால் பச்சை, வெகுதூரம் தள்ளி இருந்தால் சிவப்பு. அவ்வளவுதான். எழுதியது யார் என்று அதற்கு எப்படித் தெரியும்? “குழந்தைகள் கைக்கு எட்டாத” என்று நானே தட்டிப் பார்த்தேன். அடுத்துத் தட்டிய “இடத்தில்” என்ற சொல்லும் பச்சைதான். வேறென்ன வரும்?

“அவர்கிட்டச் சொல்லுக்கா.”

“ஏழை சொல் அம்பலம் ஏறாதுப்பா. வேலை போச்சுன்னா அவரு மாத்திரைக்கு எங்க போவேன்?”

அதன்பிறகு அவள் எழுதவில்லை, பயம்தான் எழுதியது. குழந்தைக் காய்ச்சல் மருந்துத் தாளில் “ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை” என்ற இடத்தில் “பகலையும் இரவையும் நான்காய்ப் பகுத்து” என்று போட்டாள். சிவப்பு பூத்தது. “இதுதான் மனுஷ எழுத்து!” என்றார் மேனேஜர். தாள் அச்சுக்குப் போனது.

மறுநாள் காலை புதுத் தாள்கட்டை மருந்து கவுன்டரில் வைத்துவிட்டு நாங்கள் திரும்பும்போது, இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் தாளைப் பார்த்துக் கேட்டாள்: “பகலுக்கு நாலு, ராத்திரிக்கு நாலுங்களா?”

அக்கா ஓடிப்போய் அவள் முன்னால் நின்றாள். எட்டு வேளை கொடுத்தால் அந்தப் பிஞ்சு ஈரல் என்னாகும்!

“ஐயோ, இல்லம்மா! ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை. மொத்தமே நாலு வேளைதான்!” தாளை வெடுக்கென்று பிடுங்கினாள். “இதுக்கு முன்னால யாருக்காவது கொடுத்தீங்களா?”

“இவங்கதான் முதல்,” என்றார் கவுன்டர்க்காரர்.

அக்கா தாள்கட்டை அப்படியே அள்ளிக்கொண்டு வந்தாள். பழைய வரியைத் திரும்பத் தட்டி, மேனேஜர் மேஜையில் அவளே சாஃப்ட்வேரில் போட்டுக் காட்டினாள்.

“என்னம்மா, மறுபடியும் பச்சை?”

“நான் எழுதினா பச்சையாத்தான் வரும் சார். தூக்கம் கெட்ட அம்மாவுக்கும் ஒரே தடவையில புரியணும்.” சிவப்புத் தாளை அவர் முன்னால் நகர்த்தினாள். “இதைப் படிச்சு, ஒரு நாளைக்கு எத்தனை வேளைன்னு சொல்லுங்க.”

அவர் படித்தார். விரல் விட்டு எண்ணினார்.

“எட்டு,” என்றார்.