பத்து மணிக்கு முந்தைய ரயில்

என் மகன் வயதில் பாதி இருக்கும் ஒரு பையனை நான் தெரிந்தே மாட்டிவிட்டேன். அவன் எனக்கு எந்தக் கெடுதலும் செய்ததில்லை. செய்தது அவனுடைய அப்பா. இதற்குமேல் என் பக்கம் சொல்ல நியாயம் எதுவும் இல்லை. இருந்தாலும் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

அவனுடைய அப்பா என் சித்தப்பா மகன். வல்லத்திராக்கோட்டையில் எங்கள் வயல்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. என் மனைவி இறந்தது கார்த்திகை மாதத்து அடைமழையில். சுடுகாட்டுக்குப் போகும் பாதை அந்தச் சித்தப்பா மகன் வரப்பை ஒட்டித்தான் காலங்காலமாகப் போகிறது. அன்றைக்குக் காலையில் போய்ப் பார்த்தால் கல் ஊன்றிக் கம்பி கட்டியிருந்தான். "சர்வே படி அது என் எடம்ணே. இன்னைக்கு ஒங்களுக்கு விட்டா நாளைக்கு ஊருக்கே விடணும்" என்றான். பாடையை வாய்க்கால் கரை வழியாகச் சுற்றித் தூக்கிப்போனார்கள். சேற்றில் முன்னால் பிடித்திருந்தவர்கள் சறுக்கினார்கள், அவள் தலை ஒருபக்கமாகச் சாய்ந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் அவன் குடை பிடித்து நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் குடையை நான் மறக்கவே இல்லை.

அதன்பிறகு மகன் என்னை ஆறு மாத விசாவில் இங்கிலாந்துக்குக் கூட்டிப்போனான். வடக்கே ஒரு நகரம். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் நான் மட்டும்தான். புதுக்கோட்டையில் அரசு பஸ்ஸில் முப்பது வருடம் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்தவன் நான். சும்மா உட்கார முடியுமா? பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கினேன். முதியோருக்கான இலவச பாஸ் அங்கேயே குடியிருப்பவர்களுக்குத்தான், என்னைப்போல வந்து போகிறவனுக்குக் கிடையாது. அதனால் நாள் டிக்கெட் எடுப்பேன். ரயிலுக்கு மட்டும் அறுபது தாண்டிய யார் வேண்டுமானாலும் பாஸ்போர்ட்டைக் காட்டி ஒரு சலுகைக் கார்டு வாங்கலாம், கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். அதை வாங்கினேன். வாங்கியதும் அதன் விதிகளை முழுக்கப் படித்தேன். மற்றவர்களுடைய கார்டுகளின் விதிகளையும் சேர்த்தே படித்தேன்.

"மாமா, ரிடயர் ஆகியும் டிக்கெட் பாக்குற புத்தி ஒங்களுக்குப் போகல" என்று மருமகள் சிரிப்பாள்.

அந்தச் சமயத்தில்தான் பங்காளி மகன் அதே நகரத்துக்கு எம்.எஸ்ஸி. படிக்க வந்து சேர்ந்தான். என் மகனுக்கும் அவனுக்கும் நடுவில் பகை எதுவும் கிடையாது. மகன் அவனை ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச்சொன்னான். பையன் வாசலில் செருப்பைக் கழற்றியதும் நேராக என்னிடம் வந்து, "பெரியப்பா, இங்க பஸ்ஸுக்கே பாதிக் காசு போயிரும் போல" என்றான். அப்பன் ஜாடை அப்படியே இருந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சோறு இறங்கவில்லை எனக்கு.

ஆனாலும் சொல்லிக்கொடுத்தேன். அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது என்பதை மறைப்பானேன்? மாதா மாதம் பஸ் பாஸ் எடுக்காதே, மாணவர் அடையாள அட்டையைக் காட்டி முழுப் பருவத்துக்கும் சேர்த்து எடு, மலிவாக வரும் என்றேன். பாஸ் இல்லாத நாளில் பஸ்ஸில் தட்டுவதற்கு ஒரே பேங்க் கார்டை வைத்துக்கொள், அப்போதுதான் ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் எடுக்காது. காலையில் கார்டு, மாலையில் போன் என்று மாற்றித் தட்டினால் இரண்டு ஆள் என்று கணக்குப் போட்டுவிடும் என்றேன். லண்டனுக்குப் போக வேண்டியிருந்தால் ரயிலை விட்டுவிட்டு, முன்கூட்டியே பதிந்து தொலைதூர பஸ்ஸில் போ. ரயிலிலேயே போனாலும் வழியில் அது நிற்கும் ஒரு ஊரோடு டிக்கெட்டை இரண்டாக வெட்டி எடுத்துப் பார், சில தடத்தில் குறையும். இருபத்தைந்து வயது வரைக்குமான ரயில் கார்டையும் அவனை வாங்க வைத்தது நான்தான்.

"பெரியப்பா, நீங்க பேசாம இங்கயே ஒரு ஆபீஸ் போடலாம்" என்றான். வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நவம்பரில் அவனுக்குப் பக்கத்து ஊரில் பகுதி நேர வேலை கிடைத்தது. வாரத்தில் இரண்டு நாள், காலை எட்டரைக்கு அங்கே இருக்க வேண்டும். அடுத்த ஞாயிறு சாப்பாட்டுக்குப் பிறகு போனை நீட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"பெரியப்பா, ஒரு சந்தேகம். எட்டு மணி ரயில்னு போட்டா கார்டுக்குச் சலுகையே காட்ட மாட்டேங்குது. பத்தே கால் ரயில்னு போட்டா காட்டுது. ஆனா டிக்கெட்டுல எந்த ரயில்லயும் போலாம்னுதான் போட்டுருக்கு. அப்ப பத்தே காலுக்கு எடுத்துட்டு எட்டு மணிக்குப் போலாம்ல?"

பதில் எனக்குத் தெரியும். அந்தக் கார்டின் விதியில் அது இருக்கிறது: வார நாட்களில் காலை பத்து மணிக்கு முன்னால் போனால், சலுகை டிக்கெட் பன்னிரண்டு பவுண்டுக்குக் குறையக் கூடாது. ஜூலை, ஆகஸ்டில் மட்டும் அந்தக் கட்டுப்பாடு இல்லை. அவன் போகிற தூரத்துக்கு முழுக் கட்டணமே அதைவிடக் குறைவு. அதனால் காலையில் அந்தக் கார்டு அவனுக்கு உதவாது, பேசாமல் முழு டிக்கெட் எடுத்துப் போக வேண்டியதுதான். சலுகை டிக்கெட்டோடு எட்டு மணி ரயிலில் பிடிபட்டால் அது தெரியாமல் செய்த பிழை ஆகாது, ஏய்ப்பு என்று எழுதுவார்கள். இதை ஒரே வாக்கியத்தில் அவனுக்குச் சொல்லியிருக்கலாம்.

ஆனால் வாய்க்கால் கரைச் சேறுதான் கண்ணுக்குள் வந்தது.

"டிக்கெட்டுல என்ன எழுதியிருக்கோ அதான்ப்பா செல்லும்" என்றேன்.

"செக்கிங் இன்ஸ்பெக்டரே சொல்லிட்டாரு, அப்பீலே கெடையாது" என்று மகனிடம் திரும்பிச் சொல்லிக்கொண்டு எழுந்தான்.

அன்றிலிருந்து நான் காத்திருந்தேன். அந்தக் காத்திருப்பில் ஒரு ருசி இருந்தது. செவ்வாயும் வியாழனும் காலையில் எழுந்ததுமே, இப்போது ரயிலில் இருப்பான், இந்நேரம் கேட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன். என் அனுபவத்தில் சோதனைக்குத் தப்பியே திரிந்தவன் யாரும் இல்லை. கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். ஞாயிறு தவறாமல் அவன் சிரித்த முகத்தோடு வந்து நிற்கும்போது எனக்கு ஏமாற்றமாக இருக்கும். இன்னொரு கரண்டி சோறு போடுவேன். போட்டுக்கொண்டே, உன் அப்பன் குடையை மடக்குகிற நாள் வரும் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன்.

வந்தது. ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றான். முகம் வெளிறிக் கிடந்தது. சில வாரங்களுக்கு முன்னால் ரயிலில் ஒருவர் டிக்கெட்டையும் கார்டையும் வாங்கிப் பார்த்து, பெயரும் முகவரியும் குறித்துக்கொண்டு போனாராம். சின்ன விஷயம் என்று இவன் விட்டுவிட்டான். இப்போது ரயில் கம்பெனியிலிருந்து கடிதம் வந்திருந்தது. வழக்குப் போடப் போகிறோம், அதற்கு முன் உங்கள் தரப்பைச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார்கள்.

"தீர்ப்பு வந்தா படிச்சு முடிச்சு வேலை விசாவுக்குப் போடும்போது எழுதணும் பெரியப்பா. குற்றம் உண்டான்னு கேக்குறாங்க. உண்டுன்னு எழுதுனா எவன் விசா குடுப்பான்?" என்றான். பிறகு மெதுவாக, "அப்பாட்ட மட்டும் சொல்லிறாதீங்க. தாங்க மாட்டாரு" என்றான்.

அந்த நொடியில் எனக்கு ஏற்பட்டது சந்தோஷம். இரக்கம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். நெஞ்சுக்குள் ஏதோ கட்டு அவிழ்ந்த மாதிரி இருந்தது. அவன் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு ஊரில் இருக்கும் அவன் அப்பனுக்குப் போன் போட்டேன். என் மனைவி செத்த நாளுக்குப் பிறகு அவனோடு பேசுவது அதுதான் முதல் தடவை.

"என்னண்ணே, அதிசயமா?"

சொன்னேன். ஒன்றையும் விடாமல் சொன்னேன். வழக்கு, தீர்ப்பு, விசா என்று ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

"ஒங்களக் கேட்டுத்தான் எல்லாம் செய்யிறேன்னு சொன்னானேண்ணே" என்றான். "முப்பது வருசம் டிக்கெட்டு பாத்த ஆளு. ஒங்களுக்குமா தெரியாமப் போச்சு?"

"தெரியும்" என்றேன். "டிக்கெட்டுல எழுதியிருந்த படி சொன்னேன். நீ சர்வேல எழுதியிருந்த படி கம்பி கட்டுனீல்ல, அது மாதிரி."

சொல்லி முடித்தபோது ஜெயித்துவிட்டேன் என்றுதான் இருந்தது. அழுவான் அல்லது கத்துவான், இரண்டுக்கும் தயாராக இருந்தேன். அவன் இரண்டும் செய்யவில்லை.

"கம்பி கட்டுனவன் நான். என் கைய ஒடிச்சிருக்கலாமேண்ணே" என்றான். "எம் பையன் அன்னைக்கி எங்கிட்ட மல்லுக்கு நின்னான். கம்பிய அவுக்கலைன்னா சோறு திங்க மாட்டேன்னு ரெண்டு நாளு கெடந்தான். ஒங்களுக்குத் தெரியாது."

போனை வைத்துவிட்டான். நான் கட்டிலில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. மருமகள் வந்து விளக்கைப் போட்டபோதுதான் இருட்டிவிட்டது தெரிந்தது.

அன்றைக்கே மகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் என்னைத் திட்டவில்லை. "நாளைக்குக் காலைல அவன் ரூமுக்குப் போறோம்" என்று மட்டும் சொன்னான். போனோம். பையனுக்கு அதற்குள் அப்பாவிடமிருந்து சேதி போயிருந்தது. நாற்காலியை எடுத்துப் போட்டான், டீ போட்டுக் கொடுத்தான், என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கு ஆலோசனை சொல்லும் அலுவலகத்தைக் கேட்டு அவன் பதில் தயார் செய்தான். அதோடு நானும் ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என்னிடம் கேட்டான், விதி எனக்குத் தெரியும், தெரிந்தே தவறாகச் சொன்னேன் என்று எழுதினேன். மகன் அதைப் படித்துவிட்டு, "இது அவனுக்கு உதவுமோ என்னவோ. ஆனா நீங்க எழுதித்தான் ஆகணும்" என்றான்.

விட்ட கட்டணத்தையும் அவர்கள் செலவையும் கட்டினால் வழக்கு இல்லை என்று பதில் வந்தது. என் மகன் கட்டுகிறேன் என்றதற்குப் பையன் மறுத்துவிட்டு, தன் சம்பளத்திலேயே கட்டினான். விசாவுக்கு இனி பயம் இல்லை. எல்லாரும் மூச்சு விட்டோம்.

ஞாயிறுகளில் அவன் வருவதில்லை. படிப்பு அதிகம் என்று மகனிடம் சொல்கிறான்.

நான் ஊருக்குத் திரும்புவதற்கு முந்தைய வாரம், ஒரு மத்தியானம் ஸ்டேஷனில் அவனைப் பார்த்தேன். டிக்கெட் மெஷின் முன்னால் நின்றிருந்தான். பன்னிரண்டு தாண்டியிருந்தது. அந்த நேரத்துக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லை, கார்டு தாராளமாகச் செல்லும். பின்னால் நின்ற எனக்குத் திரை தெரிந்தது. சலுகைக் கார்டு இருக்கிறதா என்று அது கேட்ட இடத்தில் அவன் விரல் கொஞ்சம் நின்றது. பிறகு இல்லை என்று அழுத்தி, முழுக் கட்டணம் கட்டினான்.

திரும்பியவன் என்னைப் பார்த்துவிட்டு, "சாப்பிட்டீங்களா பெரியப்பா?" என்றான்.

"இந்நேரத்துக்கு அது செல்லும்ப்பா" என்றேன்.

"இருக்கட்டும் பெரியப்பா" என்றான். டிக்கெட்டை இரண்டு தடவை திருப்பிப் பார்த்துவிட்டுப் பையில் வைத்துக்கொண்டு நடைமேடைப் பக்கம் போனான். நான் சொன்னது உண்மை. அதை நம்ப அவனுக்கு ஒரு காரணமும் நான் மிச்சம் வைக்கவில்லை.