நகுருப் பெண் சொன்ன காற்று

அடோயோவின் நாக்குக்கு அந்த வருஷம் முழுக்க ஓய்வே இல்லை. சோளமாவைக் கிண்டும்போதும், துணி அலசும்போதும், வானொலி நிலையத்துக்கு மோட்டார் சைக்கிளில் போகும்போதும் அது பல்லைத் தொட்டுவிட்டு மேலண்ணத்துக்கு ஏறும், மறுபடி பல்லுக்கு இறங்கும். தோக், டோக். முன்னது மாடுகள். பின்னது திரும்பி வா. லுவோ மொழி பேசுகிறவர்களுக்கு இரண்டும் மலையும் மடுவும். அவள் வாயில் மட்டும் இரண்டும் நடுவில் எங்கோ ஒரே இடத்தில் வந்து விழுந்தன.

அவள் பிறந்து வளர்ந்தது உள்நாட்டு நகரமான நகுருவின் ரயில்வே குடியிருப்பில். அப்பாவும் அம்மாவும் இந்த நியாமரே ஏரிக்கரையிலிருந்து அங்கே போனவர்கள். வீட்டுக்குள் இங்கத்திய லுவோ தவிர வேறு பேச்சு இல்லை. கரையில் புழங்கும் அத்தனை சொல்லும், வலையின் ஒவ்வொரு உறுப்பின் பெயரும், நையாண்டியும் அவளுக்கு அத்துபடி. ஆனால் பகலெல்லாம் அவள் விளையாடியது கிகுயு, கிசி, லூயா என்று வேறு மொழி பேசும் வீட்டுப் பிள்ளைகளோடு. விளையாட்டு நடந்தது எல்லாருக்கும் பொதுவான சுவாஹிலியில். குழந்தையின் நாக்கு பெற்றவர்களைவிடக் கூட்டாளிகளிடம்தான் படியும். சுவாஹிலியில் கடைசிக்கு முந்தின அசையில் அழுத்தம் விழும். அந்த நடையே அவளுடைய லுவோவிலும் ஏறிக்கொண்டது. ஏற்ற இறக்கத்தில் ஓடவேண்டிய வாக்கியம் சமதரையில் நடந்தது. வீட்டில் யாருக்கும் அது உறைக்கவில்லை. நியாமரே கரையில் வாழ்க்கைப்பட்டு வந்த முதல் நாளே ஊருக்கு உறைத்துவிட்டது. அன்றிலிருந்து அவள் “நகுருப் பொண்ணு”.

கரை வானொலியில் காலையும் மாலையும் ஏரியின் வானிலையைப் படிக்கும் வேலை அவளுக்குக் கிடைத்தது. கூட வேலை பார்த்த ஒகுட்டு வடக்கே அலேகோ பக்கத்து லுவோ ஆள். பொடிமீனுக்கும் துடுப்புக்கும் நாளை மறுநாளுக்கும் அவன் சொல்லும் சொற்களே வேறு. வாக்கியத்தை முடிக்கிற விதமும் கொஞ்சம் வேறு. படகோட்டி ஓயூகி அவனைப் பார்த்தால் விடமாட்டார்.

“ஏய் ஒகுட்டு, இன்னிக்கு எங்க துடுப்புக்கு என்னடா பேர் வச்சிருக்க?”

“உங்க ஊர்ல துடுப்பு பிடிக்கத் தெரிஞ்சவன் யாரு இருக்கான், பேர் சொல்ல?”

கரையே சிரிக்கும். ஆனால் அவன் சொன்னதை யாரும் சந்தேகித்ததில்லை. சொல் வேறாக இருந்தாலும் ஓசை அவர்களுடையது. அடோயோ அவர்கள் சொல்லையே சொன்னாள், ஓசைதான் அந்நியம்.

மார்ச்சில் ஒரு விடிகாலை அவள் படித்தாள்: தெற்கிலிருந்து பலத்த காற்று, தோணிகள் உடனே கரை திரும்பவும். கரையில் ஒருவன் அவளுடைய ‘டோக்’கைத் ‘தோக்’காக்கி, அவளைப்போலவே இழுத்து, “மாடெல்லாம் கரைக்கு வாங்க!” என்றான். சிரித்துக்கொண்டே தோணிகளை ஏரிக்குள் தள்ளினார்கள்.

வெயில் ஏறுமுன் காற்று வந்தது. ஓயூகியின் தோணி குப்புற விழுந்தது. அவரும் மூன்று பேரும் அதன் முதுகைப் பற்றிக்கொண்டு மதியம்வரை மிதந்தார்கள். பிழைத்ததே பெரிது. கைத்தோல் உரிந்த ஓயூகி கரைக் கூட்டத்தில் கேட்டார்:

“அந்தப் பொண்ணு என்னமோ கேள்வி கேக்கிறாப்ல படிச்சுது. எவன் நம்புவான்?”

அடோயோ ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். ஒரு சொல் பிசகில்லை. ஓபுயாவின் அம்மா என்று ஊர் கூப்பிடும் மீன்காரியிடம் போய் நின்றாள்.

“நான் சொன்னது உங்களுக்குப் புரியலையாம்மா?”

“புரிஞ்சுது கண்ணு. உன்கிட்ட மறைக்க என்ன இருக்கு? நீ ‘காலை வணக்கம்’னு வாயத் தொறந்ததுமே பட்டணத்துப் பொண்ணு, தண்ணிய எங்க பாத்திருக்கும்னு மனசு சொல்லிடுது. அப்புறம் நீ சொல்ற ஒவ்வொரு சொல்லையும் காது பிடிச்சிப் பிடிச்சிப் பாக்கணும். அலுத்துப்போகுது. நீயே தட்டுத்தடுமாறிச் சொல்றாப்ல ஆயிடுது.”

அவள் தடுமாறவேயில்லை. தடுமாறியது கேட்டவர்களின் காது. அந்தப் பாடு அவள் கணக்கில் விழுந்தது. அவளுக்கு இது விளங்கியது, ஆறுதல்தான் கிடைக்கவில்லை. நிலையத் தலைவி வானிலையை ஒகுட்டுவிடம் கொடுத்தாள். அதே எச்சரிக்கையை அவன் படித்த நாளில் ஒரு தோணியும் நகரவில்லை.

அன்றிலிருந்துதான் நாக்குப் பயிற்சி. தனியாகச் சொன்னால் தோக் தோக்காக வந்தது. வேகமாகப் பேசினால் பழைய இடத்துக்கே ஓடியது. வாக்கியத்தின் ராகமோ பிடிபடவேயில்லை. சந்தையில் ஓசையைக் கூட்டிப் பேசிப் பார்த்தாள். “யாரு மாதிரி நடிக்குது?” என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. நான்கு வயது மகள் ஹாவி கரைப் பிள்ளைகளோடு புரண்டுவிட்டு வந்து, “அம்மா, டோக் இல்ல, தோக்!” என்று திருத்தினாள். யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. அடோயோ மகளை அணைத்துக்கொண்டாள். அந்தச் சின்ன வாயைப் பார்க்கப் பார்க்கப் பொறாமையாகவும் இருந்தது.

நிலையத்தில் அவளுக்கு மிஞ்சியது சாவு அறிவிப்பு. யார் இறந்தார், யாருடைய மகன், அடக்கம் என்றைக்கு என்பதைக் கேட்க ஊரே அடுப்பை அணைத்துவிட்டு உட்காரும். பிடிக்காத குரலானாலும் ஒரு பெயரைக்கூடத் தவறவிட முடியாது. மழைக்காலம் போனது, வெயில் வந்து மறுபடி மழை வந்தது. அவள் ஒவ்வொரு நாளும் படித்தாள். பயிற்சியை எப்போது விட்டாள் என்று அவளுக்கே தெரியாது.

ஒகுட்டு தன் மாமனின் சாவுக்கு அலேகோ போயிருந்த வாரம் மறுபடி தெற்குக் காற்று எச்சரிக்கை வந்தது. வேறு ஆள் இல்லை. அவள் படித்தாள், தன் குரலிலேயே. படித்து முடித்ததும் நாற்காலியில் இருக்க முடியவில்லை. மோட்டார் சைக்கிள்காரனை விரட்டிக் கரைக்குப் போனாள்.

இரண்டு தோணிகள் போய்விட்டிருந்தன. மற்றவை மணலில் இருந்தன. ஓயூகி தம்முடையதை இன்னும் மேலே இழுத்துக்கொண்டிருந்தார்.

“போகலையா?”

“நீதானே போகாதேன்ன?”

“முன்னேயும் நான்தானே சொன்னேன்.”

ஓயூகி கயிற்றைக் கீழே போட்டார். “போன மாசம் என் பெரியப்பன் செத்ததை நீதான் சொன்ன. உண்மையான்னு நான் யாரையும் கேக்கல. எழுந்து போனேன். அதுக்கப்புறம் உன் பேச்சு காதுல இடறவே இல்லம்மா.”

“என் பேச்சு மாறிடுச்சா?”

“எங்க மாறிச்சு! அதே நகுருதான்.”

போன இரண்டு தோணிகளும் சாயங்காலம் நனைந்து நடுங்கி வந்து சேர்ந்தன. அதுவரை அவள் கரையைவிட்டு அசையவில்லை.

வானிலை மீண்டும் அவளுக்கே வந்தது. மனம் நிம்மதியானதா என்றால், இல்லை. அடுத்த வாரமே ஹாவிக்குக் காய்ச்சல். மருத்துவ நிலையத்தில் புதிதாக வந்த, கலெஞ்சின் மொழிக்கார நர்ஸ், சுவாஹிலியில் மருந்தை விளக்கினார். கனத்து வரவேண்டிய எழுத்தெல்லாம் அவர் வாயில் மெலிந்து வந்தன. அவர் இரண்டாவது வாக்கியத்தைத் தொடங்கும் முன்பே அடோயோ கேட்டுவிட்டாள்:

“வேற நர்ஸ் யாரும் இல்லையா?”

கேட்ட வார்த்தை காற்றில் இருக்கும்போதே அவளுக்கு முகம் சுட்டது. நர்ஸ் மருந்துச் சீசாவைக் கையில் பிடித்தபடி நின்றார். அந்த நிற்பு அவளுக்குத் தெரிந்த நிற்பு.

“இல்ல, நீங்களே சொல்லுங்க” என்றாள் அடோயோ. “மறுபடி முதல்ல இருந்து சொல்லுங்க. நான் கேக்கறேன்.”

அவர் சொன்னார். பாதிவரை கேட்கக் கடினமாகத்தான் இருந்தது.