பிளஸ் எந்தப் பக்கம்?

கடலூரில் எங்கள் பேட்டரிக் கடைக்கு மேலேயே வீடு. அதனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானமும் நிம்மதியாகச் சோறு இறங்காது. அப்படி ஒரு ஞாயிறு சிதம்பரத்திலிருந்து போன். எங்களிடம் வழக்கமாக வரும் டாக்ஸி டிரைவர், அழாத குறையாகப் பேசினார்.

"அக்கா, வண்டி ஸ்டார்ட்டே ஆவல. பேட்டரி செத்துப்போச்சி. ராத்திரிக்குள்ள ஒரு ஃபேமிலிய மெட்ராஸ் ஏர்போர்ட்டுல எறக்கணும். புது டிராவல்ஸ் குடுத்த மொத டிரிப்பு. இத உட்டா அவுங்க என்ன திரும்பக் கூப்புடவே மாட்டாங்க."

அங்கே திறந்திருந்த ஒரே கடையிலும் அந்தக் காருக்கு ஏற்றது இல்லையாம். கார் அவர் பழையதாக வாங்கியது. என்ன பேட்டரி என்று அவருக்குத் தெரியாது. மேல் லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். 38B20 வரை பளிச்சென்று இருந்தது. அதற்கடுத்த எழுத்தை ஆசிட் தின்றுவிட்டிருந்தது. B20 என்றால் பெட்டியின் அளவு தெரிந்துவிடும், நீளம் இருபது சென்டிமீட்டர் அளவு. ஆனால் கடைசி எழுத்து L-ஆ R-ஆ என்பதில்தான் பிளஸ் எந்தப் பக்கம் என்பது இருக்கிறது. எழுத்துக்கு நேர் எதிர்: L என்றால் பிளஸ் வலது பக்கம், R என்றால் இடது பக்கம். மாறினால் காரின் வயர் எட்டாது. போய்த் திரும்பி வந்து மாற்ற நேரமும் கிடையாது.

என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"பிளஸ்ஸு எடது பக்கம் இருக்குதே. R தான். எடுத்து வண்டில வை."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. படத்தில் பிளஸ், மைனஸ் முனைகள் இரண்டும் மேல் விளிம்பில் இருந்தன. முனைகள் நம் பக்கம் இருக்கும்படி வைத்துத்தான் இடது வலது சொல்ல வேண்டும். போனை அப்படியே தலைகீழாகத் திருப்பினேன். பிளஸ் வலது பக்கம் வந்து நின்றது. அப்படியென்றால் L.

"எழுத்து நேரா இருக்குதே, நீ ஏன் திருப்புற?" என்றார்.

"எழுத்த ஒட்டுனவன் எப்புடி வேணா ஒட்டுவான். முனையப் பாருங்க."

அவர் முறைத்தார். நான் டிரைவருக்கே போன் போட்டேன். "தம்பி, எதிர்ப்பக்கம் போயி, முனை ரெண்டும் உன் பக்கம் இருக்கிற மாதிரி இன்னொன்னு எடு." வந்த படத்தில் பிளஸ் வலது பக்கம்.

L பேட்டரியை ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் கட்டி, என் வீட்டுக்காரர் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்தேன்.

சிதம்பரத்தில் பேட்டரியை இறக்கி வைத்தோம். பிளஸ் வயர் நேராக வந்து உட்கார்ந்தது, மைனஸும் அப்படியே. சாவியைத் திருப்பியதும் இன்ஜின் ஒரே மூச்சில் பிடித்தது. நடுத்தெருவில் கைதட்டினேன், வெட்கமே இல்லை. அவ்வளவு சந்தோஷம்.

"பேசிக்கினு நிக்காத, கெளம்பு!" என்று டிரைவரை விரட்டினேன்.

ராத்திரி டிரைவர் போன் செய்தார். என் வீட்டுக்காரர் நம்பருக்கு இல்லை, எனக்கு.

"எறக்கி உட்டுட்டேன்க்கா. நாளைக்கும் டிரிப்பு குடுத்துருக்காங்க."

பக்கத்தில் இருந்த வீட்டுக்காரர் காதிலும் விழட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டுத்தான் கேட்டேன்.