ஏழு மயிலும் ஒரு பட்டுப்புடவையும்

உலகத்தாருக்கு ஓர் அறிவிப்பு: சென்ற சனிக்கிழமை பரமக்குடி பேருந்து நிலையத்தில் என் இடது செருப்பு வார் அறுந்து காலமானது. வலது செருப்பு ஆழ்ந்த துயரத்தில் இருக்கிறது.

அக்காவுக்கு ஆவணியில் கல்யாணம். அம்மாவின் கல்யாணப் பட்டுப்புடவையை ஜரிகைக்காக எப்போதோ விற்றாகிவிட்டது. மிச்சம் இருப்பது சுவரில் ஒரு மங்கிய கல்யாணப் படம். அதே கரையில் புதுப் புடவை நெய்யச் சொல்லி, முகூர்த்தத்தில் கட்டிக்கொண்டு அம்மா முன்னால் நிற்க வேண்டும் என்பது அக்காவின் ரகசிய ஆசை. படத்தைத் தெளிவாக்கி, கரையில் இருப்பது மயில் என்று கண்டுபிடித்த மேதை நான்தான்.

ராமேசுவரத்திலிருந்து பரமக்குடிக்குத் தொண்ணூறு கிலோமீட்டர் சொச்சம். இரண்டரை மணி நேரம். சன்னலோரம் வெயில், உள்பக்கம் மீன்கூடை. மயில் முருகனுக்கு, மாங்காய் வளத்துக்கு, கரையோரக் கூம்புகள் கோயில் கோபுரத்துக்கு என்று பாம்பன் பாலத்திலிருந்தே வகுப்பெடுத்தேன். அக்கா தூங்கிவிட்டாள். பட்டுக்குப் போய்ப் பட்டதுதான் மிச்சம்.

நெசவாளர் முருகேசன் அண்ணன் என் மயில் படத்தை மறுநாள் அட்டை அடிக்கக் கொடுப்பதாக இருந்தார். கட்டம் போட்ட தாளில் வரைந்த உருவத்தை அட்டைகளில் துளைகளாக அடிப்பார்கள். நெடுக்கில் ஓடும் எந்தப் பாவு நூல் மேலே எழ வேண்டும் என்பதை அந்தத் துளைகள்தான் முடிவு செய்யும். அடித்த பிறகு மாற்றினால் எல்லாம் முதலிலிருந்து. முகூர்த்தத்துக்குள் புடவை வராது.

தறியில் வேறொரு புடவை ஓடிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்த அக்கா கைப்பேசிப் படத்தோடு சட்டென்று திரும்பினாள்.

"ஏலே, இங்கன பாரு. தறியில எல்லா மாங்காயும் அச்சா ஒரே மாதிரி வருது. உன் மயிலு ஏழும் ஏழு விதமா நிக்குது. இதுக்குக் கொண்டை மூணு, அதுக்கு அஞ்சு!"

அண்ணன் கைப்பேசியை வாங்கிப் பார்த்தார். "ஆமாம்மா. ஒரே அட்டைதான் திரும்பத் திரும்பச் சுத்தும். இப்படி மாறி வராது. தம்பி, இதுக மயிலா, மயிலுக்குச் சொந்தக்காரவுகளா?"

வேறு வழியில்லை. அக்கா அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"மயிலா? எவன் சொன்னான்? அன்னம்டி. சோடி சோடியா மூஞ்சிக்கு மூஞ்சி பாத்துக்கிட்டு நிக்கும். பிரியாம இருக்கணும்னு எங்க அய்யா கேட்டு வாங்குனாரு. அது எதுக்குடி உனக்கு இப்ப?"

அக்கா புடவை ரகசியத்தைச் சொல்லிவிட்டாள். மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் ஓசை.

"அந்தப் பயலை மட்டும் தறிப் பக்கம் விட்டுராத."

அம்மா அனுப்பிய அசல் படத்தில் வெறும் புள்ளிகள். ஆனால் வால் குட்டை, கழுத்து வளைவு, இரண்டிரண்டாக எதிரெதிரே. அண்ணன் அன்னத்தை வரைய ஆரம்பித்தார். அக்கா விறுவிறுவென்று முன்னால் போனாள். நான் ஒற்றைச் செருப்போடு நடந்தேன்.

பழைய சேலை மாதிரியே நெய்யக் கொடுக்கப் போகிறவர்களுக்கு: அசல் படத்தையே கொண்டு போங்கள், மங்கலாக இருந்தாலும். கட்டியவர் இருந்தால் முதலில் அவரைக் கேளுங்கள்.

அப்புறம், படத்தைத் தெளிவாக்கியது நான் இல்லை. கைப்பேசியில் ஒரு செயலி. தெரியாத இடத்தையெல்லாம் அதுவே கற்பனையாக நிரப்பிவிட்டது. நான் ஒரு பொத்தானை அழுத்தினேன், அவ்வளவுதான். அழுத்துவதற்கு முன் என் கண்ணுக்கு அது வாத்து மாதிரி தெரிந்தது. கல்யாணப் புடவையில் வாத்தா என்று வெட்கப்பட்டு வெளியே சொல்லவில்லை.