எட்டு முடிந்த மூன்றாம் நாள் ஒரு நேர்முகப் பரீட்சை

எங்கள் அன்புத் தாயாரின் ஓராண்டு நிறைவில் இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். மலருக்கு மகள்தான் எழுத வேண்டும் என்று அண்ணா சொல்லிவிட்டார். அம்மாவின் குணங்களை அடுக்கி எழுத இரண்டு முறை உட்கார்ந்தேன். இரண்டு முறையும் கோபம்தான் வந்தது. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அம்மா சாவகச்சேரியில் பிறந்தார். நான்கு பிள்ளைகளில் மூன்றாமவர். இடம்பெயர்ந்து கொழும்புக்கு வந்தபோது அவரிடம் இருந்தவை ஒரு துணிப்பையும் தட்டெழுத்துச் சான்றிதழும்தான். கொட்டாஞ்சேனையில் ஒற்றை அறையில் தங்கி, துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்குக் கம்பனியில் தட்டெழுத்தாளராகச் சேர்ந்தார். அங்கேதான் அப்பாவைச் சந்தித்தார். எனக்கு ஆறு வயதும் அண்ணாவுக்குப் பத்து வயதும் இருக்கும்போது அப்பா இறந்துபோனார். அதற்குப் பிறகு அம்மாவின் சம்பளம் ஒன்றுதான். வெள்ளவத்தையில் மூன்றாம் மாடிக்கு நாங்கள் குடிவந்ததும், நான் களனியில் மொழிபெயர்ப்புப் பட்டம் படித்ததும் அந்தச் சம்பளத்தில்தான்.

நான் பட்டம் பெற்ற வருடமே அம்மாவின் இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்தன. கிழமைக்கு மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்பு. அண்ணா வேலைக்குப் போனார், நான் அம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒன்றரை வருடம் அப்படியே போனது. சிங்களம் தெரியாத தமிழ் நோயாளர்களுக்கும் தமிழ் தெரியாத தாதிமாருக்கும் இடையில் நின்று பேசிக்கொடுப்பது அங்கே என் வேலையாகிவிட்டது. யாரும் கேட்டுச் செய்ததில்லை.

அம்மாவின் கடைசிக் கிழமைகளில் ஒரு கடிதம் வந்தது. அரச திணைக்களம் ஒன்றில் தமிழ்–சிங்கள மொழிபெயர்ப்பாளர் பதவி. எழுத்துப் பரீட்சையில் தேறியிருந்தேன், நேர்முகப் பரீட்சைக்கு அழைத்திருந்தார்கள். கடிதத்தைக் கட்டிலருகில் வாசித்துக் காட்டினேன். "மூலப் பிரதியள் எல்லாம் அலுமாரியில நீலக் கோவைக்குள்ள இருக்கு" என்றார். வாழ்த்து அவ்வளவுதான்.

பத்து நாட்களில் அம்மா போய்விட்டார். நாட்காட்டியைப் பார்த்தபோது நேர்முகப் பரீட்சை சரியாக எட்டாம் நாள், இறந்தவருக்குப் படைக்கும் எட்டுச் செலவு வீட்டில் நடக்கும் அதே காலையில் விழுந்திருந்தது.

இனி எழுதப்போவது சிலருக்குப் பிடிக்காது.

கனடாவிலிருந்து மாமா தொலைபேசி எடுத்தார். "நீ போகத்தான் வேணும் பிள்ளை. அதுதான் அம்மாவின்ர ஆசை." பெரியம்மா முன்னறையில் இருந்து, "செத்தவீட்டுத் துடக்கு நேரத்தில வெளிக்கிட்டு நேர்முகத்துக்குப் போறதோ? அம்மாவின்ர ஆத்மா என்ன பாடுபடும்" என்றார். இருவருமே அம்மாவின் பெயரால்தான் பேசினார்கள். அம்மா என்ன நினைத்திருப்பார் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. நான் தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டேயிருந்தேன்.

ஸ்டெலாவும் முதலில் அதே கூட்டத்தில்தான் இருந்தாள். அவள் கொட்டாஞ்சேனைக்காரி, பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் என் பக்கத்து இருக்கை, இப்போது தனியார் கம்பனி ஒன்றில் ஆட்சேர்ப்புப் பகுதியில் வேலை. மூன்றாம் நாளிலிருந்து அவளுடைய குரல் செய்திகள் வரத் தொடங்கின. நீ பலசாலி, உன்னால் முடியும், அம்மா மேலே இருந்து பார்த்துக்கொண்டிருப்பா. ஒரு நேர அட்டவணையும் அனுப்பியிருந்தாள். காலை ஆறு மணிக்குப் பொது அறிவு.

நாலாம் நாள் நேரிலே வந்து, "அம்மாவுக்காகவாவது நீ போகணும்டி" என்றாள்.

"அம்மா செத்துப்போனா ஸ்டெலா," என்றேன். "அவவுக்கு இனி ஒண்டும் தேவையில்லை. உனக்கும் மாமாவுக்கும்தான் தேவைப்படுது."

குரல் உயர்ந்துவிட்டது. ஸ்டெலா பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். போனது போகட்டும் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலை திரும்பி வந்தாள். என்னை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனாள். "நேத்து நான் பிழை. உன்னட்டக் கேக்காமலே எல்லாம் சொல்லிட்டன். இப்ப கேக்கிறன். உனக்குப் போக விருப்பமா, இல்லையா? இல்லையெண்டாலும் நான் உன்னோடதான்."

"தெரியல்ல," என்றேன். அதுதான் உண்மை.

"சரி. அப்ப இண்டைக்கு முடிவெடுக்க வேணாம். நீ கடைசி நிமிசத்தில போறதெண்டு நினைச்சா, போகக்கூடிய மாதிரி மட்டும் வச்சிருப்பம். போகாட்டி ஒண்டும் நட்டமில்ல."

அம்மா போன பிறகு எனக்கு மூச்சு விட இடம் தந்த முதல் பேச்சு அதுதான்.

கடிதத்தின் அடியில், தினத்தை மாற்ற முடியாது என்று அச்சடித்திருந்தது. அதிலிருந்த இலக்கத்துக்கு ஸ்டெலா எடுத்தாள். ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்கு, அங்கிருந்து மறுபடி முதல் பகுதிக்கு. நான்காவது முறை கிடைத்த எழுதுவினைஞரும், மாற்ற முடியாது என்று கடிதத்தில் இருப்பதையே வாசித்துக் காட்டினார். நான் தொலைபேசியைப் பறித்து வைக்கப் போனேன். ஸ்டெலா கையால் தடுத்துவிட்டு, மாற்றித் தருவீர்களா என்று கேட்பதை நிறுத்தினாள். சிங்களத்தில் மெதுவாக வேறொன்று கேட்டாள்: நேர்முகக் குழு எத்தனை நாளைக்கு இருக்கும்?

ஐந்து வேலை நாட்கள், வியாழன் வரைக்கும் என்றார் அவர்.

அதற்குள் ஒரு நாளிலிருந்து இன்னொரு நாளுக்கு ஒருவரை மாற்றுவது யாருடைய கையில்?

நிர்வாகப் பணிப்பாளருடைய கையில். எழுத்தில் கேட்க வேண்டும், மரணச் சான்றிதழின் பிரதி வைக்க வேண்டும், உறுதி சொல்ல முடியாது.

அண்ணா முந்தின நாள்தான் மரணச் சான்றிதழின் பிரதிகளை எடுத்து வந்திருந்தார். கோரிக்கைக் கடிதத்தைச் சிங்களத்தில் எழுத உட்கார்ந்தேன். மொழிபெயர்ப்பாளர் வேலைக்குப் போகிறவள், என் தாயார் காலமானார் என்ற ஒரு வசனத்தை எழுத முடியாமல் பேனாவை வைத்துவிட்டேன். ஸ்டெலா எழுதினாள். நான்கே வரி. யார், எந்தப் பதவி, என்ன நடந்தது, வியாழன் வரை எந்த நாளும் வர முடியும். இரக்கம் கேட்கும் சொல் ஒன்றும் இல்லை. அவள் எழுதியதில் ஒரு வினைமுடிவு பிழையாக இருந்தது. நான் திருத்தினேன். ஐந்து நாளில் நான் சரியாகச் செய்த முதல் காரியம் அது.

மின்னஞ்சலிலும் அனுப்பி, கையிலும் கொண்டுபோய்க் கொடுத்து, எங்கள் பிரதியில் கிடைத்ததென்று முத்திரை வாங்கினோம். அன்று மத்தியானம் கழிந்தும் பதிலில்லை. மூன்று மணிக்கு அழைப்பு வந்தது. வியாழன் காலை ஒன்பதரை.

பெரியம்மா விடவில்லை. "அப்பவும் முப்பத்தொண்டாம் நாள் கிரியை முடியேல்லையே" என்றார். அண்ணா அன்றைக்குத்தான் வாய் திறந்தார். "பெரியம்மா, அவள் போறதும் விடுறதும் அவளின்ர முடிவு. இனி ஒருத்தரும் அவளிட்ட இதைப் பற்றிக் கதைக்க வேண்டாம்."

ஸ்டெலாவின் அட்டவணை குப்பைக்குப் போனது. ஒரு நாளைக்கு இருபது நிமிடம் மட்டும் பயிற்சி. ஒரு நாள் அம்மா சொன்ன நீலக் கோவையைத் திறந்தோம்: பிறப்புச் சான்றிதழ், பட்டச் சான்றிதழ், அடையாள அட்டை, கிராம சேவகரின் நற்சான்று, எல்லாவற்றுக்கும் மூலப் பிரதியும் நிழற்பிரதியும். கிராம சேவகரின் கடிதம் பழையதாகிவிட்டதென்று புதிதாக எடுத்தோம். இன்னொரு நாள் கேள்விகள். "பட்டம் முடிச்சு ஒண்டரை வருசம் வேலை இல்லையே, ஏன்?" என்று ஸ்டெலா அதிகாரிபோல நிமிர்ந்து கேட்டாள். நான் உடைந்துபோனேன்.

அழாதே என்று அவள் சொல்லவில்லை. முடியும் வரை இருந்தாள். பிறகு, "இந்தக் கேள்வி கட்டாயம் வரும்டி. அங்கயும் அழுகை வரலாம். வந்தா என்ன சொல்லப்போறாய்?" என்றாள். ஒரு வசனம் செய்தோம். என் தாயார் அண்மையில் காலமானார், ஒரு நிமிடம் தாருங்கள், பதில் சொல்கிறேன். அதை இரண்டு மொழியிலும் வாய் பழகும் வரை சொன்னேன்.

எட்டு முடிந்தது. படையலும் சமையலும் சனமுமாக நாள் போனது. புதன்கிழமை வரைக்கும் நான் போவதென்று சொல்லவில்லை. வியாழன் விடிய எழும்பிச் சேலையை எடுத்தபோதுதான் எனக்கே தெரிந்தது. ஸ்டெலா அரை நாள் விடுமுறை போட்டு ஆட்டோவோடு வாசலில் நின்றாள். வழியில் புத்தி ஒன்றும் சொல்லவில்லை. மீன் பணிஸ் ஒன்றைப் பாதியாகப் பிய்த்து, நான் என் பாதியைத் தின்னும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழுவில் மூவர். சான்றிதழ்களைப் பார்த்தார்கள், ஒரு சுற்றறிக்கையைத் தமிழாக்கச் சொன்னார்கள், செய்தேன். பிறகு நடுவில் இருந்த அம்மையார் கேட்டார், இந்த ஒன்றரை வருடம் என்ன செய்தீர்கள்?

பழகிய வசனத்தைச் சொன்னேன். அவர் தண்ணீரை என் பக்கம் தள்ளினார். குடித்தேன். பிறகு ஆஸ்பத்திரி விடுதியைப் பற்றிச் சொன்னேன். இரத்த அழுத்தம் இறங்குகிறது என்பதை ஒரு மூதாட்டி பயப்படாமல் விளங்கிக்கொள்ளும்படி எப்படிச் சொன்னேன், "நெஞ்சு பதைக்குது" என்று ஒருவர் சொன்னதைத் தாதிக்கு எப்படிச் சிங்களத்தில் கொடுத்தேன் என்றெல்லாம். அவர்கள் இடையில் மறிக்கவில்லை. ஒருவர் குறித்துக்கொண்டார்.

வெளியே வந்து, நல்லாப் போச்சு என்று ஸ்டெலாவிடம் சொன்னேன்.

மூன்று மாதம் கழித்துக் கடிதம் வந்தது. தெரிவாகவில்லை. விசாரித்ததில், அனுபவத்துக்கான புள்ளிகள் பூச்சியம் என்று தெரிந்தது. விடுதியில் நான் பேசிக்கொடுத்ததற்குச் சான்றுக் கடிதம் கிடையாது. கடிதம் இல்லாத அனுபவம் அவர்கள் கணக்கில் அனுபவமல்ல. விதி அப்படித்தான் என்று விளங்குகிறது. விளங்கினாலும் எரிகிறது. இதை எழுதும்போதும் எரிகிறது. எல்லாம் நன்மைக்கே என்று சொன்னவர்களுக்கு நான் பதில் சொல்லவில்லை. இங்கேயும் சொல்லப்போவதில்லை.

ஸ்டெலா வந்து கடிதத்தை வாசித்தாள். "சரியான அநியாயம்டி" என்றாள். இரவுச் சாப்பாட்டுக்கு இருந்துவிட்டுப் போனாள்.

அடுத்த கிழமை அந்த விடுதியின் பொறுப்புத் தாதியிடம் போய் ஒரு கடிதம் கேட்டேன். நான் செய்ததை ஒரு பக்கத்துக்கு எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தார். அதைக் கொண்டு இப்போது ஒரு தனியார் மொழிபெயர்ப்பு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். அந்தத் திணைக்களம் மறுபடி விண்ணப்பம் கோரியிருக்கிறது. போட்டிருக்கிறேன்.

அம்மாவைப் பார்த்த வைத்தியர்களுக்கும் தாதிமாருக்கும், தகனத்தன்று மழையில் நின்றவர்களுக்கும், எட்டுக்கும் முப்பத்தொன்றுக்கும் சமைத்த அயலவர்களுக்கும், கடல் கடந்து தினமும் பேசிய மாமாவுக்கும், கோபித்தாலும் ஒரு மாதம் எங்களோடு தங்கி எனக்குச் சோறு போட்ட பெரியம்மாவுக்கும், என் பக்கம் நின்ற அண்ணாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றிகள்.

ஸ்டெலா, மலரில் உன் பெயர் வேண்டாம் என்று நேற்றும் தொலைபேசியில் சொன்னாய். ஓம் என்றுதான் சொன்னேன். யாருக்கும் ஓம் சொல்லிவிட்டுத் தான் நினைத்ததையே செய்வது அம்மாவின் பழக்கம். அவரிடமிருந்து எனக்கு வந்தவற்றில் இதையும் சேர்த்துக்கொள்.